வங்கிச் சரிகட்டும் பட்டியல்: ஒரு மாதக் கணக்கு

வணிகர் ஒருவர் தம் வங்கி நடவடிக்கைகளை ரொக்க ஏட்டின் வங்கிப் பத்தியில் பதிகிறார். அதே நடவடிக்கைகளை வங்கியும் தன் ஏட்டில் பதிந்து, அதன் நகலை வங்கி அறிக்கையாக அவருக்கு வழங்குகிறது. வணிகரின் பணம் வங்கிக்குக் கடன் ஆகையால், அவர் ஏட்டில் பற்று இருப்பாக நிற்கும் தொகை வங்கி அறிக்கையில் வரவு இருப்பாகத் தோன்றும். இதை மனத்தில் கொண்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

ஈரோட்டில் நூல் வணிகம் செய்யும் கடை ஒன்றின் ஜூலை மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஜூலை 31 அன்று ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு ரூ.84,500, வங்கி அறிக்கையின்படி இருப்பு ரூ.86,176. வேறுபாடு ரூ.1,676 மட்டுமே. சிறு தொகைதானே என்று விட்டுவிடும் வழக்கம் பல கடைகளில் உண்டு. அது தவறான வழக்கம். பெரிய தொகைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து, சிறிய வேறுபாடாகத் தோற்றம் தரக்கூடும்.

ஆகஸ்டு 2 அன்று கணக்கர் இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள தொகைகளுக்குக் குறியிட்டுக்கொண்டே வருகிறார். குறி பெறாமல் எஞ்சுபவையே ஆராயத்தக்கவை. நூற்பாலைக்கு ஜூலை 28 அன்று கொடுத்த ரூ.18,000 காசோலை வங்கியில் இன்னும் முன்னிலைப்படுத்தப்படவில்லை. 31 அன்று வங்கியில் செலுத்திய ரூ.12,400 காசோலை இன்னும் வசூலாகவில்லை. இவ்விரண்டும் காலத்தால் எழும் வேறுபாடுகள். நம் ஏட்டில் இவை முன்பே சரியாகப் பதியப்பட்டுள்ளன. புதிய பதிவு எதுவும் தேவையில்லை.

வங்கி அறிக்கையில் மட்டும் காணப்படுபவை வேறு வகையின. வாடிக்கையாளர் ஒருவர் இணையவழி நேரடியாகச் செலுத்திய ரூ.6,200 நம் ஏட்டில் இல்லை. மற்றொருவர் தந்த ரூ.9,500 காசோலை போதிய பணமின்மையால் ஜூலை 12 அன்று திருப்பப்பட்டுள்ளது. அதற்குக் கட்டணமாக வரி உள்பட ரூ.354 எடுக்கப்பட்டுள்ளது. இவற்றை ரொக்க ஏட்டில் உடனே பதிய வேண்டும். திரும்பிய காசோலைக்கு உரியவரின் கணக்கையும் பற்று வைக்க வேண்டும். இல்லையெனில் அவர் கடனைத் தீர்த்துவிட்டதாகவே ஏடு காட்டும்.

பதிந்தபின் ரொக்க ஏட்டின் இருப்பு ரூ.80,846. வங்கி இருப்புடன் வசூலாகாத ரூ.12,400 கூட்டி, முன்னிலைப்படுத்தப்படாத ரூ.18,000 கழித்தால் கிடைப்பது ரூ.80,576. இன்னும் ரூ.270 இடிக்கிறது. இத்தகைய எச்சத்தை 9 ஆல் வகுத்துப் பார்ப்பது கணக்கர்களின் பழைய உத்தி. மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். இங்கே 270 வகுபடுகிறது. தேடியதில், சரக்கு வண்டி வாடகைக்குக் கொடுத்த ரூ.5,630 காசோலை ஏட்டில் ரூ.5,360 எனப் பதிவாகியிருந்தது. விடுபட்ட ரூ.270-ஐச் செலவில் சேர்த்ததும் இருபுறமும் ரூ.80,576 ஆயிற்று. (எச்சம் இரட்டைப்படையாக இருந்தால், அதன் பாதித் தொகை தவறான பக்கத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கலாம். இவை குறிப்புகளே, உறுதியான சான்றுகள் அல்ல.) தேடிக் களைத்து, எச்சத்தைப் ‘பலவகைச் செலவு’ என்று எழுதி முடிப்பது சரிகட்டுதல் ஆகாது.

திரும்பிய அந்தக் காசோலையைச் சற்றுக் கூர்ந்து நோக்க வேண்டும். மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம், 1881-இன் 138 ஆம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்க விரும்புவோர், காசோலை திரும்பிய தகவலை வங்கியிடமிருந்து பெற்ற 30 நாள்களுக்குள் எழுத்துவழி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாள் அவகாசம் உண்டு. நம் கடையில் வங்கியின் திருப்பச் சீட்டு 12 ஆம் தேதியே வந்து, பதியப்படாமல் மேசை இழுப்பறையில் கிடந்தது. ஆகஸ்டு 2 அன்று எஞ்சியிருந்தவை 9 நாள்களே. இந்தச் சரிபார்ப்பை ஆண்டு இறுதிக்குத் தள்ளிவைத்திருந்தால் அந்தக் கெடு எப்போதோ கடந்திருக்கும். மாதந்தோறும் பட்டியல் தயாரிக்கச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான காரணம் தேவையில்லை.

ஆகஸ்டு மாதப் பட்டியல் ஜூலைப் பட்டியலில் எஞ்சியவற்றிலிருந்து தொடங்கும். ரூ.12,400 மாதத்தின் முதல் சில நாள்களுக்குள் வரவாகியிருக்க வேண்டும். ஆகவில்லையெனில் வங்கியில் கேட்க வேண்டும். நூற்பாலையின் ரூ.18,000 சற்றுத் தாமதிக்கலாம். ஆனால் காசோலை அதன் தேதியிலிருந்து 3 மாதங்களே செல்லும் என்பதால், அக்டோபர் இறுதி வரை அது முன்னிலைப்படுத்தப்படாவிட்டால், ஏட்டில் அந்தப் பதிவை நீக்கி, நூற்பாலைக்குரிய கடனை மீண்டும் காட்ட வேண்டும்.