அழித்தாலும் அழியாத ப்ளேலிஸ்ட்

அப்பாவின் மணிவிழாவுக்குப் பாட்டுப் பட்டியல் போடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெங்களூருவில் இருக்கும் அண்ணன் ஸ்பாட்டிஃபையில் ஒரு ப்ளேலிஸ்ட்டைத் தொடங்கி, மற்றவர்களும் பாட்டு சேர்க்கும்படி அழைப்பு லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். கோவையிலிருந்து தங்கை, டொராண்டோவிலிருந்து சித்தப்பா மகன், மதுரையிலிருந்து அத்தை என மூவரும் உள்ளே வருகிறார்கள். பி.பி. ஸ்ரீனிவாஸ், பி. சுசீலா காலத்துப் பாட்டுகள் எல்லாம் அத்தை சேர்த்தவை. விழா நாளில் பட்டியலில் 140 பாட்டுகள்.

விழா முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. தன் போனில் குவிந்து கிடக்கும் பட்டியல்களைக் குறைக்க நினைத்த அண்ணன், இதையும் `Delete` செய்துவிட்டு, “விழா லிஸ்ட்டைத் தூக்கிட்டேன்” என்று குழுவில் எழுதுகிறார். அத்தைக்கு மனசு கேட்கவில்லை. “ஏம்பா, நான் ஒண்ணொண்ணா தேடிப் போட்ட பாட்டெல்லாம் போச்சா?” என்கிறார். தங்கை தன் போனைத் திறந்து பார்க்கிறாள். “அண்ணா, எனக்கு இன்னும் ஓடிட்டுதான் இருக்கு!”

அவள் சொல்வது சரி. அண்ணன் பொத்தானை அழுத்தியபோது ஸ்பாட்டிஃபை கேட்ட கேள்வியிலேயே இதற்கான துப்பு இருந்தது. திரையில் வருவது `Delete from Your Library?` என்ற வரி. உங்கள் லைப்ரரியிலிருந்து எடுத்துவிடவா என்றுதான் அது கேட்கிறது; மற்றவர்களின் லைப்ரரியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அவசரத்தில் எல்லோரும் முதல் சொல்லை மட்டும் படித்துவிட்டு அழுத்துகிறோம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக ஸ்பாட்டிஃபை வெளியிட்ட குறிப்புகளில் இது வெளிப்படையாகவே சொல்லப்பட்டிருக்கிறது. ப்ளேலிஸ்ட்டை அழிப்பது என்ற கருத்தே தங்கள் அமைப்பில் பொருந்தாது என்கிறது அந்தக் குறிப்பு. உரிமையாளரே நீக்கினாலும், அவர் அந்தப் பட்டியலைப் பின்தொடர்வதை நிறுத்துகிறார், அவ்வளவுதான். ஏற்கெனவே பின்தொடர்கிறவர்கள் தொடர்ந்து கேட்கலாம். பட்டியல் நிறுவனத்தின் கணினிகளில் தனியாக ஓர் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொருவரின் லைப்ரரியிலும் இருப்பது அதைச் சுட்டும் ஒரு குறிப்பு. அண்ணன் கிழித்தது தன்னிடமிருந்த குறிப்பை மட்டும்.

ஆக, ஸ்பாட்டிஃபையில் ஓனர் பட்டியலை அழிப்பதும், அதிலிருந்து அவர் விலகுவதும் ஒரே காரியம்தான். ஓனருக்கென்று தனியாக ஒரு வெளியேறும் வழி இல்லாததால், இந்தப் பொத்தான்தான் அவருடைய வாசல்.

அப்படியென்றால் யாருக்கும் இழப்பே இல்லையா? பட்டியலைத் தங்கள் லைப்ரரியில் வைத்திருக்கும் தங்கைக்கும் அத்தைக்கும் பாட்டு அளவில் ஒன்றும் குறையவில்லை. ஆனால் மணிவிழா அன்று லிங்க்கைத் தட்டிக் கேட்டதோடு சரி, எதையும் சேமித்து வைக்காத உறவினர்கள் இருப்பார்கள். அண்ணனின் பக்கத்திற்குப் போய்த் தேடினால் இனி அவர்களுக்குப் பட்டியல் அகப்படாது. வாட்ஸ்அப்பில் பழைய லிங்க்கைத் தேடி எடுத்தால்தான் வழி.

இன்னொரு குறை மெதுவாகத்தான் தெரியவரும். அண்ணன் போய்விட்டார், ஆனால் பட்டியல் இன்னமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கூட்டாளிகள் பாட்டு சேர்க்கலாம், நீக்கலாம், வரிசையை மாற்றலாம். கூட்டாளி ஒருவரை வெளியேற்றுவதும், கூட்டு வசதியையே நிறுத்துவதும் ஓனர் கையில் இருக்கும் அதிகாரங்கள். அந்தப் பொறுப்பைத் தங்கைக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்றால், செயலியில் அதற்குப் பொத்தான் கிடையாது. கூட்டாகப் பட்டியல் போடும் வசதியைத் தருகிற நிறுவனம், அதைக் கைமாற்றும் வசதியையும் சேர்த்தே தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நான்கு பேர் கட்டிய ஒன்று ஒரே ஒருவரின் கணக்கோடு கட்டிப்போடப்பட்டிருப்பது நியாயமே இல்லை.

அண்ணன் மனம் மாறினால் திரும்பி வருவது எளிது. போன் செயலியில் இல்லாமல், பிரவுசரில் ஸ்பாட்டிஃபை தளத்துக்குப் போய்த் தன் கணக்குப் பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே `Recover playlists` என்ற இடத்தில், கடந்த 90 நாட்களுக்குள் நீக்கிய பட்டியல்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதற்கு எதிரே `Restore` என்பதைத் தட்டினால் அது லைப்ரரிக்குத் திரும்பிவிடும். 90 நாட்கள் தாண்டினால் அந்தப் பக்கத்தில் பட்டியல் தெரியாது. அப்போதும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன அதே குறிப்பின்படி, நீக்கியதை மீட்பது என்பதும் தன் சொந்தப் பட்டியலை மறுபடி பின்தொடர்வது என்பதும் ஒன்றே. எனவே தங்கை தன் போனிலிருந்து பட்டியலின் லிங்க்கை அனுப்பி, அண்ணன் அதைத் திறந்து சேமித்துப் பார்க்கலாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலை நீக்காமல், பட்டியலுக்குள் இருக்கும் பாட்டுகளை நீக்குவதுதான் அது. “எப்படியும் தூக்கப்போகிறோமே” என்று அண்ணன் முதலில் எல்லாப் பாட்டையும் தேர்ந்தெடுத்துக் காலி செய்திருந்தால், அந்த நொடியிலேயே மதுரையிலும் டொராண்டோவிலும் பட்டியல் காலியாகியிருக்கும். எல்லோரும் பார்ப்பது அந்த ஒரே பட்டியலைத்தான். `Recover playlists` பக்கம் பட்டியல்களை மீட்கும். உள்ளிருந்து எடுக்கப்பட்ட பாட்டுகளை மீட்காது. கேட்பவர்கள் பழைய நிலைக்குத் திரும்பிப்போக ஒரு வரலாற்றுப் பக்கமும் செயலியில் இல்லை. பெரிதாக மிரட்டும் பொத்தான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. சாதாரணமாகத் தோன்றும் பொத்தான்தான் எல்லோருடைய உழைப்பையும் துடைத்துவிடுகிறது. அதிலும் கவலைக்குரியது, இதைச் செய்ய ஓனராக இருக்க வேண்டியதில்லை என்பது. அழைக்கப்பட்ட எந்தக் கூட்டாளியும், மற்றவர்கள் சேர்த்த பாட்டுகளையும் நீக்கலாம்.

கூட்டாளி ஒருவர் விலகுவது இதைவிட அமைதியான விஷயம். சித்தப்பா மகன் வெளியேறிவிட்டால் அவர் சேர்த்த பாட்டுகள் அப்படியே இருக்கும். அவர் இழப்பது சேர்க்கும், மாற்றும் உரிமையை மட்டுமே. மறுபடி வர வேண்டுமென்றால் புதிய அழைப்பு தேவைப்படலாம், ஏனென்றால் கூட்டாளிகளுக்கான அழைப்பு லிங்க் சில நாட்களில் காலாவதியாகிவிடும்.

இத்தனை குழப்பம் எதற்கு, பட்டியலை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கணினியில் ஸ்பாட்டிஃபை செயலியைத் திறந்து, பட்டியலின் முதல் பாட்டைத் தட்டிவிட்டு, `Ctrl+A`, பிறகு `Ctrl+C` அழுத்தி, உங்கள் பெயரில் தொடங்கிய புதிய ப்ளேலிஸ்ட்டில் `Ctrl+V` அழுத்தினால் பாட்டுகள் அதே வரிசையில் வந்து அமரும். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றா என்று பார்த்துவிடுங்கள். உரிமச் சிக்கலால் தற்காலிகமாகக் கிடைக்காத பாட்டுகளை ஸ்பாட்டிஃபை பொதுவாகக் கண்ணில் காட்டாது. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக்குடன் உரிமப் பேச்சு முறிந்தபோது ஏராளமான இந்திப் பாட்டுகள் இந்தத் தளத்தில் கேட்க முடியாமல் போயின. அப்படி மறைந்திருக்கும் பாட்டு நகலில் விடுபட்டால், எது விடுபட்டது என்று பிறகு கண்டுபிடிப்பது கடினம். நகலெடுத்த அதே வரிசையை ஒரு வெற்று உரைக்கோப்பிலும் ஒட்டி வைக்கலாம். ஒவ்வொரு பாட்டின் லிங்க்கும் ஒரு வரியாக விழும். பாட்டின் பெயர் அதில் இருக்காது, ஆனாலும் தேவைப்படும்போது அந்த வரிகளை நகலெடுத்து ஒரு புதிய ப்ளேலிஸ்ட்டில் ஒட்டினால் பாட்டுகள் திரும்ப வந்துவிடும்.

ஆனால் நகலில் வராத ஒன்று உண்டு. கூட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் அதைச் சேர்த்தவர் யார், என்று சேர்த்தார் என்ற விவரம் இருக்கும். கணினித் திரையில் `Added by`, `Date added` என்று இரண்டு பத்திகளாகவே அதைப் பார்க்கலாம். தங்கை நகலெடுத்த கணத்தில் 140 பாட்டுகளும் அவள் பெயரில், ஒரே தேதியில் பதிவாகிவிடும். விழாவுக்கு முந்தைய இரவில் அத்தை அடுத்தடுத்து ஏழெட்டுப் பாட்டு சேர்த்தார், அதைப் பார்த்து டொராண்டோவிலிருந்து தம்பி பதிலுக்கு இரண்டு போட்டார் என்ற கதை முழுவதும் போய்விடும். பாட்டுகளை யார் வேண்டுமானாலும் திரும்பத் தேடி எடுக்கலாம். அத்தை எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை, அத்தையின் நினைவைத் தவிர வேறு எங்கிருந்தும் எடுக்க முடியாது. ஒருநாள் அதுவும் கிடைக்காமல் போகலாம். அதனால் நகலெடுக்கும் முன் அந்த இரண்டு பத்திகளும் தெரியும்படி திரையைப் படம் பிடித்து வைப்பது அவசியம். 140 பாட்டு என்றால் சில படங்களில் அடங்கிவிடும்.

இதுவரை சொன்னது ஸ்பாட்டிஃபைக்கு மட்டும் பொருந்தும். யூடியூபிலும் யூடியூப் மியூசிக்கிலும் கதை வேறு. அங்கேயும் ஓனர் மற்றவர்களைக் கூட்டாளிகளாக அழைத்துப் பாட்டு சேர்க்கச் சொல்லலாம். ஆனால் அங்கே ஓனர் பட்டியலை நீக்கினால் அது எல்லோருக்குமே போய்விடும். சேமித்து வைத்தவர்களின் லைப்ரரியிலும் இருக்காது, மீட்கும் பக்கமும் கிடையாது. இரண்டு செயலிகளும் ஒரே பட்டியலைப் பகிர்ந்துகொள்வதால் யூடியூபில் நீக்கினால் யூடியூப் மியூசிக்கிலும் நீங்கிவிடும். பாட்டுகள் தளத்தில் இருக்கும். எவை எந்த வரிசையில் இருந்தன என்ற விவரம்தான் இருக்காது. மணிவிழாப் பட்டியல் யூடியூபில் போடப்பட்டிருந்தால் தங்கையின் போனிலும் அது காணாமல் போயிருக்கும். அத்தை பயந்தது அப்படியே நடந்திருக்கும். அங்கே கூட்டுப் பட்டியல் வைத்திருக்கும் ஓனர் ஒதுங்க நினைத்தால், முதலில் கூட்டாளிகளிடம் சொல்லி, அவர்களில் ஒருவர் எல்லாப் பாட்டையும் தன் பெயரிலுள்ள புதிய பட்டியலில் சேர்த்து எண்ணிக்கையைச் சரிபார்க்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே நீக்க வேண்டும்.