வாக்கியத்தின் கடைசியில் கூடும் வினைகள்

டச்சு மொழியில் ‘ஏனென்றால்’ என்று சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ‘வான்ட்’, இன்னொன்று ‘ஒம்டாட்’. எனக்கு உடம்பு சரியில்லை, அதனால் வரவில்லை என்பதை இரண்டையும் வைத்துச் சொல்லலாம்.

‘இக் கொம் நீட், வான்ட் இக் பென் ஸீக்.’
‘இக் கொம் நீட், ஒம்டாட் இக் ஸீக் பென்.’

‘இக்’ என்றால் நான், ‘ஸீக்’ என்றால் நோயாக, ‘பென்’ என்றால் இருக்கிறேன். பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ‘பென்’ இடம் மாறிவிட்டது. ‘வான்ட்’ இரண்டு முதன்மை வாக்கியங்களை ஒட்டுகிறது, அதனால் அதற்குப் பின்னும் முதன்மை வாக்கியத்தின் வரிசையே வருகிறது. ‘ஒம்டாட்’ சார்பு வாக்கியத்தைத் தொடங்குகிறது, அதனால் வினை கடைசிக்குப் போகிறது. ‘ஒம்டாட் இக் பென் ஸீக்’ என்று ஒருவர் சொன்னால், அவர் டச்சை வெளியிலிருந்து வந்து கற்றவர் என்பது அந்த நொடியே தெரிந்துவிடும்.

முதன்மை வாக்கியத்தில் முற்றுவினைக்கு இரண்டாம் இடம். முதலில் எது வந்தாலும் சரி, அடுத்து வினைதான். ‘நான்’ என்று தொடங்கினால் நான்–வினை, ‘நாளை’ என்று தொடங்கினால் நாளை–வினை–நான். ஒரு முழுச் சார்பு வாக்கியமே முதல் இடத்தில் உட்கார்ந்தாலும் இதே விதிதான்: ‘ஒம்டாட் இக் ஸீக் பென், கொம் இக் நீட்.’ சார்பு வாக்கியத்தின் கடைசியில் நின்ற ‘பென்’னும் முதன்மை வாக்கியத்தின் ‘கொம்’மும் ஒரு கமாவின் இருபுறமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. டச்சுப் பக்கம் ஒன்றைப் புரட்டினால் இப்படிக் கமாவில் சந்திக்கும் இரட்டை வினைகள் அடிக்கடி கண்ணில் படும்.

அப்படியானால் வினைக்கு உண்மையான வீடு எது? இரண்டாம் இடமா, கடைசி இடமா? கடைசிதான் என்று 1975-ல் யான் கோஸ்டர் என்ற டச்சு மொழியியலாளர் வாதிட்டார். அதற்கு எனக்குப் பிடித்த சான்று ‘ஒப்பெல்லன்’ என்ற வினை. தொலைபேசியில் அழைப்பது என்று பொருள். ‘ஒப்’ அதன் முன்னொட்டு. ‘நாளை உன்னை அழைக்கிறேன்’ என்பது ‘இக் பெல் யெ மோர்கன் ஒப்’. வினையின் உடல் இரண்டாம் இடத்துக்கு ஓடிவிட்டது, ‘ஒப்’ மட்டும் கடைசியில் தனியாகக் கிடக்கிறது. இதையே ‘என்று’ என்னும் பொருள் தரும் ‘டாட்’ போட்டுச் சார்பு வாக்கியமாக்கினால், ‘டாட் இக் யெ மோர்கன் ஒப்பெல்’. இரண்டும் ஒட்டிக்கொண்டன. முதன்மை வாக்கியத்தில் கடைசியில் கிடந்த அந்தத் துண்டு, வினை எங்கிருந்து கிளம்பியது என்பதற்கு விட்டுச் சென்ற தடம். வினையைக் கடைசியில் வைத்தே பேசிப் பழகிய நமக்கு, டச்சின் சார்பு வாக்கியம் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் கூடும்போது அந்த நெருக்கம் விலகத் தொடங்குகிறது. முதன்மை வாக்கியம் முற்றுவினை ஒன்றைத்தான் முன்னால் இழுக்கும், மற்றவை கடைசியிலேயே தங்கும். ‘நான் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்கிறேன்’ என்பது ‘இக் ஹெப் ஹெட் பூக் கெலேஸன்’. ‘கெலேஸன்’ நம் ‘படித்து’, ‘ஹெப்’ நம் ‘இருக்கிறேன்’. சார்பு வாக்கியத்தில் ‘ஹெப்’ வீடு திரும்புகிறது. அங்கே ‘கெலேஸன்’ ஏற்கெனவே இருக்கிறது. யார் முன்னால், யார் பின்னால்?

இரண்டும் சரி. ‘டாட் இக் ஹெட் பூக் கெலேஸன் ஹெப்’ என்றும் சொல்லலாம், ‘ஹெப் கெலேஸன்’ என்றும் சொல்லலாம். முன்னதைப் பச்சை வரிசை என்றும் பின்னதைச் சிவப்பு வரிசை என்றும் டச்சு இலக்கணக்காரர்கள் அழைக்கிறார்கள். ஏ. பாவல்ஸ் என்பவரின் 1953-ஆம் ஆண்டு வட்டார வழக்கு ஆய்விலிருந்து நிலைத்துவிட்ட பெயர்கள் இவை. பச்சை நம் ‘படித்திருக்கிறேன்’ போலவே போகிறது. ஜெர்மனும் ஃபிரிசியனும் இந்த வரிசையில்தான் சொல்லும். நெதர்லாந்தில் பேச்சில் பச்சை தாராளமாகக் கேட்கும், அச்சில் சிவப்பு மிகும். பச்சையை ஜெர்மன் வாடை என்று ஒதுக்கிய பதிப்பாசிரியர்களும் இருந்தார்கள். அந்த ஒதுக்கலுக்கு இலக்கண அடிப்படை எதுவும் இல்லை என்பதே என் எண்ணம்.

ஓரிடத்தில் மட்டும் நிறம் பொருளையே மாற்றும். ‘டாட் டெ டோர் கெஸ்லோடன் இஸ்’ என்றால் கதவு மூடியிருக்கிறது என்ற நிலையைச் சொல்லலாம். ‘இஸ் கெஸ்லோடன்’ என்று திருப்பினால், கதவு மூடப்பட்டுவிட்டது என்ற செயல்தான் காதில் விழும். நிலையைச் சொல்லும்போது ‘கெஸ்லோடன்’ வினையாக இல்லை, ‘சிவப்பான’, ‘பெரிய’ போல ஒரு பண்புச்சொல்லாகிவிட்டது. அதனால் வினைக்கூட்டத்துக்குள் நுழைய அதற்கு உரிமை இல்லை.

மூன்று வினை சேர்ந்தால் இந்தச் சுதந்திரம் சுருங்கும். ‘படித்திருக்க வேண்டும்’ என்பதை ‘மூட் ஹெப்பன் கெலேஸன்’, ‘மூட் கெலேஸன் ஹெப்பன்’, ‘கெலேஸன் மூட் ஹெப்பன்’ என்று மூன்று விதமாகச் சொல்லலாம். மூன்றையும் உற்றுப் பார்த்தால், ‘மூட்’ எப்போதும் ‘ஹெப்பன்’னுக்கு முன்னால்தான் நிற்கிறது. ‘கெலேஸன்’ மட்டுமே முன்னும் நடுவிலும் பின்னும் உலாவுகிறது. ‘வேண்டும்’ என்ற வினையை முன்னால் வைப்பது நமக்கு நேர் எதிர்.

இந்த எதிர்நிலை முழுதாகத் தெரிவது, ஒவ்வொரு வினைக்கும் தனித்தனி ஆள் இருக்கும்போது. ‘பீட் குழந்தைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுப்பதை நான் பார்த்தேன் என்று’ சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

‘டாட் இக் பீட் டெ கின்டரன் ஸாக் லேரன் ஸ்வெம்மன்.’

சொல்லுக்குச் சொல் வைத்தால்: என்று – நான் – பீட் – குழந்தைகள் – பார்த்தேன் – கற்றுக்கொடுக்க – நீந்த. முதலில் மூன்று ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், அவர்கள் பின்னால் மூன்று வினைகள். முதல் ஆளுக்கு முதல் வினை, இரண்டாமவருக்கு இரண்டாவது, மூன்றாமவருக்கு மூன்றாவது. ஆளையும் வினையையும் கோடு போட்டு இணைத்தால் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். ஜெர்மனில் வினைகள் நம்மைப் போல ‘நீந்த – கற்றுக்கொடுக்க – பார்த்தேன்’ என்று வரும், கோடுகள் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அடங்கும். அப்படி அடங்கும் அமைப்பைக் கணக்கில் கொள்ள எளிய இலக்கண விதிகள் போதும். வெட்டிக்கொள்ளும் கோடுகள் அவற்றை மீறுகின்றன என்பதுதான் இந்தச் சிறு வாக்கியத்தை மொழியியல் நூல்களுக்குள் கொண்டுபோனது.

கேட்பவர் குழம்ப மாட்டாரா என்று தோன்றும். பாக், பிரவுன், மார்ஸ்லன்-வில்சன் மூவரும் 1986-ல் டச்சுக்காரர்களையும் ஜெர்மானியர்களையும் அவரவர் மொழியில் இத்தகைய வாக்கியங்களைக் கேட்கவைத்துச் சோதித்தார்கள். மூன்று வினைகள் குவிந்தபோது டச்சுக்காரர்களுக்கே எளிதாக இருந்தது. அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது இது: டச்சில் ‘பார்த்தேன்’ முதலில் வந்துவிடுவதால், பின்வரும் ‘கற்றுக்கொடுக்க’வை எதோடு மாட்டுவது என்று உடனே தெரிகிறது. ஜெர்மனில் ‘நீந்த’ முதலில் வருகிறது, கடைசி வினை வரும்வரை அதைக் கையில் பிடித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும்.

அதே வாக்கியத்தில் ‘பார்த்திருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டியிருந்தால் இன்னொரு வினை சேரும்: ‘டாட் இக் பீட் டெ கின்டரன் ஹெப் ஸீன் லேரன் ஸ்வெம்மன்.’ ‘பார்த்து’ என்ற பொருளில் தனியாக நிற்கையில் வரும் ‘கெஸீன்’, பின்னால் இன்னொரு வினை தொடர்வதால் ‘ஸீன்’ என்ற வெறும் வடிவமாகிவிட்டது. கற்பவர்கள் இங்கே ‘கெஸீன்’ போட்டு மாட்டிக்கொள்வது வழக்கம். இனி ‘டாட்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு முதன்மை வாக்கியமாக்கினால், நான்கு வினைகளில் ‘ஹெப்’ மட்டும் கிளம்பி இரண்டாம் இடத்துக்குப் போகும்: ‘இக் ஹெப் பீட் டெ கின்டரன் ஸீன் லேரன் ஸ்வெம்மன்.’ மற்ற மூன்றும் கடைசியில், அதே வரிசையில், அசையாமல் நிற்கும்.