பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தால்?

(x − sin x)/x³ என்ற கோவையில் x பூச்சியத்தை நெருங்கும்போது மேலும் கீழும் பூச்சியமாகின்றன. அப்படியானால் விடை என்ன?

கால்குலேட்டரில் ரேடியன் அளவில் x = 0.1 என்று போட்டால் 0.16658 வரும். இன்னும் துல்லியம் வேண்டுமென்று x-ஐ 0.00000001 ஆக்கினால், பல கருவிகள் 0 என்றே காட்டும். அங்கே x-க்கும் sin x-க்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. கருவி வைத்திருக்கும் இலக்கங்களுக்குள் அது அடங்காமல் மறைந்துவிடுகிறது.

இங்கே அடுக்குத் தொடர் கைகொடுக்கும். சைன் ஒற்றைச் சார்பு; x-ன் குறி மாறினால் மதிப்பின் குறியும் மாறும். ஆகவே அதன் தொடரில் ஒற்றை அடுக்குகள் மட்டுமே வரும். பூச்சியத்தில் அதன் சாய்வு 1 என்பதால் முதல் உறுப்பு x. எனவே sin x = x + cx³ + … என்று எழுதலாம். இதை இரண்டு முறை வகையிட்டால் 6cx + … கிடைக்கும். ஆனால் சைனை இருமுறை வகையிட்டால் −sin x, அதாவது −x − … வரவேண்டும். ஆகவே 6c = −1; c = −1/6. பதினான்காம் நூற்றாண்டிலேயே கேரளத்தின் சங்கமகிராம மாதவர் வகைநுண்கணிதக் குறியீடுகள் ஏதுமின்றி இத்தொடரை எட்டியிருந்தார்.

இப்போது x − sin x = x³/6 − … ஆகிறது. x³-ஆல் வகுத்தால் 1/6 நிற்கும். மற்ற உறுப்புகளில் x எஞ்சியிருப்பதால் அவை பூச்சியமாகிவிடும்.

ஓர் எச்சரிக்கை: sin x ≈ x என்று முதல் உறுப்போடு நிறுத்தினால் விடை தவறாக 0 என வரும். பகுதியில் x³ இருந்தால், தொடரையும் குறைந்தது x³ வரை எழுத வேண்டும்.