வெயிலின் கருமையும் நோயின் கருமையும்

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி மாவட்டத்தைச் சேர்ந்த கஹவத்தைப் பகுதியில் தேயிலையும் இறப்பரும் அருகருகே பயிராகின்றன. தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவள் திறந்த வெயிலில் நிற்கிறாள். இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவளோ விடியற்காலை தொடங்கி மரநிழலிலேயே வேலை செய்கிறாள். ஒத்த நிறத்துடன் வளர்ந்த சகோதரிகள் இருவர் இவ்விரு தொழில்களையும் பத்தாண்டுகள் செய்து வந்தார்கள் என வைத்துக் கொள்ளலாம். கொழுந்து எடுப்பவளின் முகமும் முன்கையும் மற்றவளுடையதைக் காட்டிலும் கறுத்திருக்கும். ஆனால் இருவரும் கையை உயர்த்திப் புயத்தின் உட்புறத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், அங்கே பெரிய வேற்றுமை ஒன்றும் தோன்றாது.

மருத்துவர்கள் மனிதத் தோலின் நிறத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுவதன் காரணம் இந்த ஒப்பீட்டில் அடங்கியிருக்கிறது. வெயில் படாத புயத்தின் உட்புறத்தில் காணப்படுவது, தாய் தந்தையர் வழியாக வந்த நிறம். இதனை ஆங்கில நூல்கள் 'கான்ஸ்டிட்யூட்டிவ்' நிறம் என்கின்றன. தமிழில் அடிநிறம் எனலாம். அதன்மேல் வெயிலாலோ, உடலிற் சுரக்கும் ஓமோன்களாலோ வந்து சேரும் கருமை 'பாக்கல்டேட்டிவ்' நிறம் எனப்படும். அது ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். ஆதலால் அதனை ஏறுநிறம் என அழைப்பது பொருந்தும். ஒருவருடைய முகத்தில் உலகம் காண்பது இவ்விரண்டும் கலந்த நிறமே.

இரண்டு நிறங்களுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான். அது மெலனின் என்னும் கரும்பொருள். தோலின் மேற்படையினுடைய அடிவரிசையில் நிறக்கலங்கள் அமர்ந்திருக்கின்றன. அவை மெலனினைச் சிறு மணிகளாகச் செய்து, தம்மைச் சூழ்ந்துள்ள மற்றத் தோற்கலங்களுக்கு வழங்குகின்றன. கறுத்த மனிதருக்கு நிறக்கலங்கள் அதிகம், வெளுத்தவருக்குக் குறைவு என்று பலர் நினைப்பதுண்டு. உண்மை அதுவன்று. எல்லா மக்களுக்கும் அவற்றின் தொகை ஏறக்குறைய ஒன்றே. அவை செய்யும் மணிகளின் அளவும், வகையும், அம்மணிகள் சிதையாமல் நிலைத்திருக்கும் காலமுமே வேறுபடுகின்றன.

வெயில் இந்த நிறக்கலங்களை இரண்டு வழிகளில் தூண்டுகிறது. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே ஒரு கருமை தோன்றுகிறது. அது புதிய மெலனின் அன்று. முன்னரே இருந்த மெலனின் மாறுதலடைந்து இடம்பெயர்வதால் உண்டாவது. சில மணி நேரத்தில் அதிற் பெரும்பகுதி மறைந்துவிடும். இரண்டாவது கருமை இரண்டு மூன்று நாள் கழித்தே வருகிறது. சூரிய ஒளியில் உள்ள ஊதாக்கடந்த கதிர்கள் தோற்கலங்களுக்கு ஊறு செய்ய, அவ்வூறுபட்ட கலங்கள் ஓமோன் ஒன்றை வெளிவிட்டு, அருகிலுள்ள நிறக்கலங்களுக்கு அறிவிக்கின்றன. நிறக்கலங்கள் புதிய மெலனினைச் செய்யத் தொடங்குகின்றன. இக்கருமை வாரக்கணக்கில் நிற்கும். வெயிலை நீங்கினால் தோலின் மேற்படை உதிர உதிரக் கருமையும் குறைந்து, அடிநிறம் மீண்டும் வெளிப்படும். கஹவத்தையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏழு பாகைக்கும் உட்பட்டது. ஏப்ரல் மாதத் தொடக்கத்திலும் செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் அங்கே நேர் உச்சியில் நிற்கிறான். ஆண்டு முழுவதும் வலுத்த வெயில் உள்ள ஊரில், மலையில் வேலை செய்பவரின் ஏறுநிறம் இறங்குவதற்கு இடமே கிடைப்பதில்லை.

அடிநிறமும் வாழ்நாள் முழுவதும் அசையாமல் இருப்பதில்லை. பிறந்த குழந்தை தன் நிறத்தை முழுமையாகக் காட்டுவதில்லை. முதற் சில மாதங்களில் நிறம் படிப்படியாக ஆழ்கிறது. முப்பது வயதைக் கடந்தபின், தொழில் செய்யும் நிறக்கலங்கள் ஒவ்வொரு பத்தாண்டிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 10 முதல் 20 வரை குறைகின்றன. ஆகவே முதுமையில் வெயில் படாத தோல் சற்றே வெளுக்கிறது. வெயில் பட்ட தோலில் எஞ்சிய நிறக்கலங்கள் சில இடங்களில் மிகுந்தும் சில இடங்களில் அற்றும் போவதால், கரும்புள்ளிகளும் அரிசி போன்ற வெண்புள்ளிகளும் கலந்து தோன்றுகின்றன. முதியவரின் முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும் காணப்படும் இச்சிறு வெண்புள்ளிகளைக் கண்டு குஷ்டம் என்று அஞ்சுவோர் உளர். தொழுநோயின் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குன்றியிருக்கும். முதுமையின் புள்ளியில் உணர்ச்சி குறைவதில்லை.

கருவுற்ற காலத்தில் வெயிலின் தூண்டுதல் இன்றியே நிறம் ஏறுகிறது. முலைக்காம்பைச் சுற்றிய வட்டம் கறுக்கிறது. தொப்புளிலிருந்து கீழ்நோக்கி வயிற்றின் நடுவே ஒரு கருங்கோடு எழுகிறது. சிலருக்குக் கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் மங்கு படர்கிறது. அக்காலத்தில் மிகுந்து சுரக்கும் ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்ட்ரோன் ஆகிய ஓமோன்களும், நிறக்கலங்களை நேரே தூண்டும் ஓமோனும் இதற்குக் காரணம். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில மாதங்களில் வயிற்றின் கோடு மங்கிவிடும். முகத்து மங்கு மட்டும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்பதுண்டு. வெயில் அதனை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கிறது. இதனைப் போக்குவதாகக் கடையில் விற்கும் வெளுப்புக் களிம்புகளிற் சில பாதரசம் கலந்தவை. பாதரசமோ தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுப்பது. மங்கு உயிருக்குக் கேடு செய்வதன்று. அதைப் போக்கப் பூசும் களிம்பு செய்யக்கூடும்.

இதுவரை கூறியவை இயற்கையின் மாறுதல்கள். இவற்றோடு மயங்கி, உண்மையில் உயிரைப் பறிக்கவல்ல கருமை ஒன்று உண்டு. 1855ஆம் ஆண்டில் இலண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் தோமஸ் அடிசன் என்பார், பதினொரு நோயாளர்களின் வரலாற்றை ஒரு நூலாக வெளியிட்டார். சோர்வு, இதயத்தின் வலுக்குறைவு, வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுடன் தோல் விந்தையாகக் கறுத்துப் போவதை அவர் விவரித்து, அதன் மூலம் சிறுநீரகங்களின்மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பிகளில் இருப்பதைக் காட்டினார். அவருடைய நோயாளர் பலரின் சுரப்பிகளைக் கசரோகம் அழித்திருந்தது. இன்று மேல்நாடுகளில் உடலே தன் சுரப்பியைத் தாக்குவது முதற் காரணமாயிற்று. கசரோகம் நீங்காத நாடுகளில் பழைய காரணமும் தொடர்கிறது.

சுரப்பி அழிந்தால் தோல் கறுப்பது ஏன்? அதிரீனல் சுரப்பி கோட்டிசோல் என்னும் ஓமோனைத் தருவது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, ஏ.சி.டி.எச். என்னும் ஓமோனை அனுப்பி அதனை வேலை வாங்குகிறது. கோட்டிசோல் குறையக் குறையக் கபச்சுரப்பி தன் கட்டளையை மேலும் மேலும் உரக்க விடுக்கிறது. இக்கட்டளை ஓமோனும், நிறக்கலங்களைத் தூண்டும் ஓமோனும் ஒரே தாய்ப்பொருளிலிருந்து பிறந்தவை. முன்னதன் தொடக்கப் பகுதியும் பின்னதும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஆகவே அதிரீனலுக்கு அனுப்பிய கட்டளை, அழிந்த சுரப்பியிற் பயனற்றுப் போய், தோலின் நிறக்கலங்களில் பலிக்கிறது.

கஹவத்தையில் மலையில் வேலை செய்யும் நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவரை எண்ணிக் கொள்ளலாம். ஆறு மாதமாக உடல் மெலிகிறது, பசியில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, உப்பின்மேல் அளவிறந்த ஆசை, முகமும் கறுத்துவிட்டது. லயத்தில் உள்ளவர்கள், "வெயில்தான் காரணம்" என்பார்கள். மருத்துவர் முகத்தை விட்டு, வெயில் படாத இடங்களை நாடுவார். உள்ளங்கையின் ரேகைகள், முரசு, கன்னத்தின் உட்புறம், உடுப்பின் அழுத்தம் படும் இடுப்பு, அண்மையில் ஆறிய வடு ஆகியவை அவர் தேடும் இடங்கள். வெயில் முன்கையைக் கறுக்கச் செய்யும். வாயினுள் அது புகுவதில்லை.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். கறுத்த மக்களுக்கு முரசிலும் உள்ளங்கை ரேகையிலும் இயல்பாகவே கருமை இருத்தல் உண்டு. வெற்றிலை போடுவோரின் வாயும் நிறம் மாறியிருக்கும். எனவே கருமை இருக்கிறதா என்பதன்று கேள்வி. அது புதிதாக வந்ததா என்பதே கேள்வி. மூன்றாண்டுக்கு முன் எடுத்த அடையாள அட்டைப் படமும், வீட்டிலுள்ளோரின் சொல்லும் இங்கே நல்ல சாட்சிகள். புதிய கருமையோடு மெலிவும் தலைச்சுற்றும் சேர்ந்திருந்தால், காலையில் இரத்தம் எடுத்துக் கோட்டிசோலையும் ஏ.சி.டி.எச்.ஐயும் அளப்பார்கள். முன்னது தாழ்ந்தும் பின்னது உயர்ந்தும் இருப்பின் நோய் ஏறக்குறைய உறுதி. செயற்கை ஏ.சி.டி.எச்.ஐ ஊசி மூலம் செலுத்தியும் கோட்டிசோல் உயராதிருப்பின் ஐயம் நீங்கும்.

இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. பிள்ளைப்பேற்றில் மிகுந்த இரத்தம் போன தாய்க்குக் கபச்சுரப்பியே கெட்டுவிடுவதுண்டு. அப்பொழுது கட்டளை ஓமோன் இல்லாமற் போவதால் தோல் கறுப்பதில்லை, வெளிறுகிறது. பால் சுரவாமை, மாதவிடாய் மீளாமை, நீங்காத சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். தோல் கறுக்கவில்லை என்பதால் கோட்டிசோல் குறைவில்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

அடிசன் காலத்தில் இந்நோய்க்கு மருந்து இல்லை. 1940களின் இறுதியில் கோட்டிசோன் கைவந்தபின் நிலைமை மாறிற்று. அமெரிக்க சனாதிபதியாயிருந்த ஜோன் கெனடிக்கு 1947இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அவருடைய முகத்தின் செம்பழுப்பு நிறத்தை மக்கள் கடற்கரை வெயில் தந்த ஆரோக்கியம் என்றே எண்ணினர். இன்று நோயாளி ஹைட்ரோகோட்டிசோன் மாத்திரையை நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லிகிராம் வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வாழ்நாள் முழுதும் உட்கொள்கிறார். காய்ச்சல் வந்தால் மருத்துவர் முன்பே சொல்லி வைத்தபடி அளவை இரட்டிக்க வேண்டும். வாந்தியால் மாத்திரை தங்காவிடில் ஊசிக்காக உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். சுகம் வந்துவிட்டதென்று தாமாகவே மருந்தை நிறுத்தியவர்கள் ஓரிரு நாளில் மயங்கி விழுந்து இறந்ததுண்டு.

மருந்து சேரச் சேரக் கபச்சுரப்பியின் கட்டளை தணிகிறது. சில மாதங்களில் வாயினுள்ளும் ரேகைகளிலும் ஏறிய கருமை இறங்கத் தொடங்குகிறது. முகத்தில் மட்டும் ஒரு பங்கு கருமை நின்றுவிடும். அந்தப் பங்கு, மலையின் வெயில் தந்தது.