20 சதவீதம் கூடுதல், கையில் குறைவு

சென்னையில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் 80,000 ரூபாய். இன்னொரு நிறுவனம் அவரைக் கூப்பிடுகிறது: "காண்ட்ராக்ட்டில் வாங்க, மாதம் 96,000 தருகிறோம்." 20 சதவீதம் கூடுதல்! ஆனால் வேலை பார்த்த நாட்களுக்கு மட்டும்தான் பணம். இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் வேகமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நாட்களை எண்ணிப் பார்ப்போம். ஆண்டில் சனி, ஞாயிறு போக 261 வேலை நாட்கள். நிரந்தர ஊழியருக்கு இந்த 261 நாளுக்கும் சம்பளம் உண்டு, அவர் வந்தாலும் விடுப்பில் இருந்தாலும். ஒப்பந்தக்காரருக்கு அப்படியில்லை. பண்டிகை, தேசிய விடுமுறைகள் 10 நாள், சொந்த விடுப்பு 18 நாள், காய்ச்சல் தலைவலிக்கு 7 நாள் என்று வைத்தால் 226 மிஞ்சும். ஒரு ஒப்பந்தம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை மூன்று வாரம் சும்மா இருந்தால் இன்னும் 15 நாள் போகும். பில் போட முடிவது 211 நாளுக்குத்தான். மாதம் 96,000 என்பது நாளுக்குச் சுமார் 4,414 ரூபாய். அதை 211-ஆல் பெருக்கினால் 9 லட்சத்து 31 ஆயிரம். பழைய வேலையின் ஆண்டுச் சம்பளமோ 9 லட்சத்து 60 ஆயிரம். காப்பீட்டுக்கு ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்காமலேயே அவர் நஷ்டத்தில் நிற்கிறார்.

இனி நிறுவனம் கண்ணில் படாமல் கொடுத்துவந்ததைச் சேர்க்க வேண்டும். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றும், அதற்கு 12 சதவீதம் முழுதாக முதலாளி பி.எஃப் கட்டினார் என்றும் கொள்வோம், ஆண்டுக்கு 57,600. கிராஜுவிட்டி ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் அடிப்படைச் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் கணக்கில்; ஏறத்தாழ 23,000. ஆனால் பொதுவாக ஐந்து ஆண்டு நிறைந்தால்தான் அது கைக்கு வரும், ஆகவே இரண்டு மூன்று ஆண்டில் வேலை மாறுகிறவர் இதை விட்டுவிடலாம். குடும்பத்துக்கும் பெற்றோருக்குமான மருத்துவக் காப்பீடு, விபத்து, ஆயுள் காப்பீடு எல்லாம் சேர்த்து 90,000, மடிக்கணினி, கணக்காளர் செலவு 30,000 என்று வைப்போம். மொத்தம் 2 லட்சம். பழைய வேலையை சி.டி.சி கணக்கில் பார்க்கிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று: அதில் முதலாளியின் பி.எஃப்பும் பல இடங்களில் கிராஜுவிட்டியும் ஏற்கனவே அடங்கியிருக்கும். திரும்பவும் கூட்டக் கூடாது.

ஆக, 211 நாளில் 11 லட்சத்து 60 ஆயிரம் வர வேண்டும். நாளுக்கு 5,500 ரூபாய். நிரந்தர வேலையில் அதே ஆளின் ஒரு நாள் சம்பளம் 3,678 ரூபாய்தான். அதன் மேல் கிட்டத்தட்ட 50 சதவீதம் ஏற்றினால்தான் இரண்டும் சமம். வேலை நாள் குறைவதால் 24 சதவீதமும், கூடுதல் செலவால் 21 சதவீதமும் ஏறுகின்றன. இவை ஒன்றன் மேல் ஒன்று பெருகுவதால்தான் 45 ஆகாமல் 50 ஆகிறது.

இங்கே இன்னொரு தடுமாற்றம் உண்டு. 5,500-இல் சம்பளம் போக மிஞ்சும் 1,822 ரூபாய், பில் தொகையில் 33 சதவீதம். "33 சதவீத மார்ஜின் வேண்டும்" என்று கேள்விப்பட்டு, சம்பளத்தோடு 33 சதவீதத்தைக் கூட்டினால் 4,892 ரூபாய்தான் வரும். நாளுக்கு 608 ரூபாய் துண்டு விழும். ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். மார்ஜின் என்பது பில்லின் பங்கு, ஏற்றம் என்பது சம்பளத்தின் பங்கு. பேரம் பேசும்போது எதைச் சொல்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. பில்லில் பிடிக்கும் டி.டி.எஸ்ஸை இதில் சேர்க்க வேண்டியதில்லை. அது முன்கூட்டிக் கட்டும் வரி, ஆண்டுக் கடைசியில் கழியும்.

பணத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாததும் ஒன்று உண்டு. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் அப்பாவின் சர்க்கரை நோய்க்கு பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு இருக்கும். தனியாக வாங்கும் பாலிசியில் ஏற்கனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். வயதானவருக்குப் பாலிசியே மறுக்கப்படவும் கூடும். அதனால் ராஜினாமா கடிதத்துக்கு முன்பே, வேலையில் இருக்கும்போதே, தனி பாலிசி எடுத்து அந்தக் காலத்தை ஓடவிடுவது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றிலும் அதிகம் ஆட்டம் காட்டுவது சும்மா இருக்கும் இடைவெளிதான். மூன்று வாரம் இரண்டு மாதமானால் பில் நாட்கள் 183-ஆகச் சுருங்கும். தேவையான நாள் கட்டணம் 6,300-ஐத் தாண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் 5,130 போதும். அதனால் கட்டணத்தில் நிறுவனம் இறங்கி வரவில்லையென்றால் முன்னறிவிப்புக் காலத்தைப் பேசலாம். ஒரு வாரத்தில் நிறுத்தலாம் என்ற ஒப்பந்தத்துக்கு 5,500 கேட்கிறவர், 60 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கிடைத்தால் 5,200-க்கும் சம்மதிக்கலாம். அடுத்த வேலையைத் தேட அந்த இரண்டு மாதமும் சம்பளத்தோடு கிடைக்கிறது.