அழிந்த பாட ஃபோல்டரும் நண்பகல் 12 மணிப் பிரதியும்

ஒரு கலை அறிவியல் கல்லூரியின் இயற்பியல் துறை. மூன்றாம் பருவப் பாடம் ஒன்றின் குறிப்புகள், ஸ்லைடுகள், பழைய வினாத்தாள்கள், ஆய்வகக் கையேடு, அக மதிப்பெண் பட்டியல் எல்லாமே கல்லூரி சர்வரில் உள்ள ஒரே பகிர்வு ஃபோல்டருக்குள் இருக்கின்றன. நான்கு ஆசிரியர்கள் அதில் எழுதுகிறார்கள், மாணவர்கள் திறந்து படிக்கிறார்கள். ஒரு நாள் பிற்பகல் அந்த ஃபோல்டர் காணாமல் போகிறது. கணினி மையத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். எப்படி எழுதலாம்?

"பாட ஃபோல்டர் அழிந்துவிட்டது, அவசரம், தயவுசெய்து மீட்டுத் தரவும்" என்று மட்டும் எழுதினால், கணினி மையத்தில் இருப்பவர் பதிலுக்கு ஐந்து கேள்விகள் கேட்பார். அதற்குள் ஒரு நாள் ஓடிவிடும். அந்த ஐந்து கேள்விகளுக்கும் முன்கூட்டியே பதில் சொல்லும் கடிதம் இப்படி இருக்கும்:

பொருள்: மூன்றாம் பருவ இயற்பியல் பாட ஃபோல்டரை மீட்டுத் தர வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

பொதுச் சர்வரில் `\\server\padam\Sem3\PHY301` என்ற ஃபோல்டர் இன்று (12.11.2025, புதன்கிழமை) பிற்பகல் தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டது. 2.30 மணி வகுப்பில் அதைத் திறந்து பாடம் நடத்தியபோது எல்லாக் கோப்புகளும் இருந்தன. சுமார் 3.20 மணிக்குத் துறை லேபில் பழைய வினாத்தாள்களை நீக்கும்போது முழு ஃபோல்டரும் தேர்வாகி நீங்கிவிட்டது. பக்கத்து ஃபோல்டர்களுக்குள் நகர்ந்திருக்குமோ என்று தேடிப் பார்த்தோம், இல்லை. மற்ற மூன்று ஆசிரியர்களின் கணினியிலும் அது தெரியவில்லை.

நண்பகலுக்குப் பிறகு மாற்றிய கோப்பு ஐந்தாம் அலகு ஸ்லைடு ஒன்றுதான். அது என் பென் டிரைவில் இருக்கிறது. `Sem3`-க்குள் மற்ற பாட ஆசிரியர்கள் இப்போதும் மதிப்பெண் ஏற்றிக்கொண்டிருப்பதால், அந்த ஃபோல்டரை முழுதாகப் பின்னோக்கி எடுத்துச் செல்லாமல், எங்கள் ஃபோல்டரை மட்டும் வேறொரு பெயரில் மீட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருந்த `Marks` ஃபோல்டர் நான்கு ஆசிரியர்களுக்கு மட்டுமே திறக்கும்படி இருந்தது. நீங்கள் தகவல் தரும்வரை அந்த இடத்தில் நாங்கள் எதையும் ஏற்ற மாட்டோம்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியர், இயற்பியல் துறை

இதில் வீணான வரி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் சர்வருக்குள் நடக்கும் ஒரு விஷயம் இருக்கிறது.

முதலில், பலரையும் திகைக்க வைக்கும் ஒன்றைப் பார்ப்போம். நம் கணினியில் ஒரு கோப்பை டெலீட் செய்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகும். பகிர்வு ஃபோல்டரில் அழித்தால் அங்கே போகாது. ரீசைக்கிள் பின் என்பது அந்தந்தக் கணினியின் டிஸ்க்கில் இருக்கும் ஒரு மறைவான ஃபோல்டர். அங்கிருக்கும் கோப்பை டெலீட் செய்தால் விண்டோஸ் அதை அந்த மறைவிடத்துக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான். நெட்வொர்க் வழியாக அழிக்கும்போதோ, அழிக்கும் கட்டளை நேராகச் சர்வருக்குப் போகிறது. சர்வர் உடனே நிறைவேற்றிவிடுகிறது. "நிரந்தரமாக அழிக்கவா?" என்ற பொருளில் திரையில் வரும் கேள்வியைப் பலர் வழக்கமான கேள்வி என்று நினைத்து 'யெஸ்' அழுத்திவிடுகிறார்கள். துறைக் கணினியின் ரீசைக்கிள் பின்னைத் துழாவிக்கொண்டிருப்பதால் நேரம்தான் போகும்.

ஆனால் சர்வர் அழித்தது எதை? பத்திரப் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டால் நிலம் எங்கும் போய்விடுவதில்லை. டிஸ்க்கிலும் அப்படித்தான். கோப்பின் பதிவை 'பயன்பாட்டில் இல்லை' என்று சர்வர் குறித்துக்கொள்கிறது. அது பிடித்திருந்த இடங்களைக் காலியானவை என்று அறிவிக்கிறது. எழுத்துகளும் படங்களும் அங்கேயே கிடக்கின்றன, வேறொரு கோப்பு வந்து அந்த இடத்தில் உட்காரும்வரை. எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க்கில் இந்த அவகாசத்தையும் நம்ப முடியாது. காலியான இடங்களை டிஸ்க்கே தன் போக்கில் துடைத்துவிடும். அதனால் அழிந்ததைத் தோண்டி எடுக்கும் மென்பொருள்களைக் கணினி மையம் கடைசியில்தான் நாடும். முதலில் அவர்கள் பார்ப்பது, சர்வரில் ஏற்கெனவே எடுத்து வைத்த நிழல் பிரதி இருக்கிறதா என்பதைத்தான்.

விண்டோஸ் சர்வரில் இந்த வசதியை இயக்கி வைத்திருந்தால், வேறு எதையும் மாற்றாதவரை, திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் அந்த டிஸ்க்கின் நிலையை அது குறித்துக்கொள்ளும். முழு டிஸ்க்கையும் நகலெடுப்பதில்லை, அதற்கு இடமும் போதாது. 12 மணி நிலையைக் குறித்த பிறகு யாராவது ஒரு பகுதியின் மேல் புதிதாக எழுதப் போனால், எழுதுவதற்கு முன் அங்கே இருந்த பழையதை மட்டும் ஒதுக்குப்புறமாக எடுத்து வைக்கிறது. மாறாத பகுதிகளை அப்படியே விட்டுவிடுகிறது. பிறகு 12 மணி நிலையைப் பார்க்க விரும்பினால், மாறாதவற்றை டிஸ்க்கிலிருந்தும் மாறியவற்றை ஒதுக்கி வைத்த இடத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்துக் காட்டுகிறது.

இதனால்தான் கடிதத்தில் நேரம் அவ்வளவு முக்கியம். 2.30-க்கு இருந்தது, 3.20-க்கு இல்லை என்றால் நண்பகல் பிரதி நிச்சயம் பயன்படும். காலை 11 மணிக்கே அழிந்திருந்தால், நண்பகல் பிரதியிலும் அந்த ஃபோல்டர் இருக்காது. காலை 7 மணிப் பிரதிக்குத்தான் போக வேண்டும், இடைப்பட்ட வேலை போனதுதான். 'கடைசியாக எப்போது நன்றாக இருந்தது' என்பது 'எப்போது அழிந்தது' என்பதைவிடப் பயனுள்ள தகவல். அழிந்த நேரத்தைப் பெரும்பாலும் ஊகமாகத்தான் சொல்ல முடியும், வகுப்பில் திறந்த நேரம் உறுதியாகத் தெரியும்.

'எதையும் ஏற்ற மாட்டோம்' என்ற வரிக்கும் இதே காரணம்தான். பழையதை ஒதுக்கி வைக்கும் இடத்துக்கு ஓர் அளவு உண்டு. வழக்கமாக டிஸ்க்கில் பத்து சதவீதம். அது நிரம்பினால் மிகப் பழைய பிரதி முதலில் நீக்கப்படும். பதற்றத்தில் ஒருவர் பாட வீடியோக்களை எல்லாம் மறுபடி சர்வரில் கொட்டினால், அவை காலியான இடங்களில் எழுதப்படும். சர்வர் அவசர அவசரமாகப் பழையவற்றை ஒதுக்கி வைக்கும். நமக்குத் தேவையான பிரதியே வெளியேறிவிடலாம். ஒரு டிஸ்க்குக்கு அதிகபட்சம் 64 பிரதிகள் என்ற வரம்பும் உண்டு. நாளுக்கு இரண்டு என்றால் 32 வேலைநாள், ஏறத்தாழ ஆறு வாரம். பருவத் தேர்வு முடிந்து விடுமுறைக்குப் பிறகு கவனித்துக் கடிதம் எழுதினால் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

இப்போது கணினி மையத்தின் மேசைக்குப் போவோம். அழிந்த ஃபோல்டரை வலது சொடுக்க முடியாது, அதுதான் இல்லையே. அதற்கு மேலே உள்ள `Sem3`-ஐ வலது சொடுக்கி, `Properties`-இல் `Previous Versions` என்ற பகுதிக்குப் போனால் பிரதிகளின் பட்டியல் நேரவாரியாக வரும். ஆபத்தும் இங்கேதான். அதே பகுதியில் `Restore` என்ற பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் PHY301 மட்டும் திரும்பி வராது. `Sem3`-இன் கீழ் உள்ள எல்லாப் பாடங்களிலும் நண்பகலுக்குப் பிறகு மாற்றிய கோப்புகள்மேல் 12 மணிக் கோப்புகள் வந்து உட்காரும். வேதியியல் ஆசிரியர் பிற்பகலில் ஏற்றிய மதிப்பெண்கள் சத்தமில்லாமல் போய்விடும். ஒரு துறையின் இழப்பைச் சரிசெய்யப் போய் ஐந்து துறைகளின் இழப்பாக்குவது இப்படித்தான். சரியான வழி, `Open` கொடுத்து நண்பகல் நிலையைத் திறந்து, அதற்குள் இருக்கும் PHY301-ஐ மட்டும் நகலெடுத்து வேறு பெயரில் வைப்பது. கட்டளை வழியாகச் செய்பவர் இப்படி எழுதுவார்:

```
robocopy "\\server\padam\@GMT-2025.11.12-06.30.00\Sem3\PHY301" "D:\Meetpu\PHY301_Meetpu" /E
```

பாதைக்குள் இருக்கும் `06.30.00`-ஐப் பாருங்கள். சர்வர் பிரதிகளுக்குக் கிரீன்விச் நேரத்தில் பெயர் வைக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பதால் நண்பகல் 12 அங்கே 6.30 ஆகிறது. இதைக் கவனிக்காமல் '12.00' என்று தேடினால் பிரதியே இல்லை என்று தோன்றும்.

நகலெடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. இப்படி நகலான கோப்புகள் தம் பழைய அனுமதிகளைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை, போய்ச் சேரும் ஃபோல்டரின் அனுமதியைப் பெற்றுக்கொள்கின்றன. மாணவர்கள் படிக்கக்கூடிய `Sem3`-க்குள் நேராக வைத்தால், ஆசிரியர்கள் மட்டும் பார்க்க வேண்டிய மதிப்பெண் பட்டியலும் அவர்களுக்குத் திறந்துவிடும். பட்டியல் அரை மணி நேரம் திறந்து கிடந்தால்கூடப் போதும், வகுப்பு முழுக்கப் பரவிவிடும். `Marks` யாருக்குத் திறந்திருந்தது என்ற வரி இதற்காகத்தான். கணினி மையத்தில் உள்ளவர் முதலில் மாணவர் கண்ணில் படாத இடத்தில் மீட்டு, அனுமதிகளைச் சரிசெய்த பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்.

மற்ற ஆசிரியர்களின் கணினியில் தெரிகிறதா என்று பார்த்ததும் வீண் வேலையல்ல. ஒருவருக்கு மட்டும் ஃபோல்டர் தெரியவில்லை என்றால் அது அழியவே இல்லாமல், அவருடைய அனுமதி மட்டும் மாறியிருக்கலாம். அனுமதி இல்லாதவருக்கு ஃபோல்டரையே காட்டாமல் மறைக்கும்படி சர்வரை அமைக்க முடியும். மவுஸ் வழுக்கி ஒரு ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் போய்விடுவதும் அடிக்கடி நடப்பதுதான்.

கல்லூரிக் கணக்கில் கூகுள் டிரைவ் பயன்படுத்துபவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே அழித்தது உரிமையாளரின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அது காலியான பிறகும் கல்லூரியின் நிர்வாகி 25 நாள்களுக்குள் மீட்கலாம். ஆனால் தனித்தனிக் கோப்பாகப் பொறுக்கி எடுக்க முடியாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அழிந்தவை என்று மட்டுமே சொல்ல முடியும். அங்கேயும் கடிதத்தில் தேதியும், ஃபோல்டர் யாருடைய கணக்கில் இருந்தது என்பதும் வேண்டும்.

மீண்டு வந்த ஃபோல்டரைப் பார்த்ததும் நன்றி சொல்லி முடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு உட்ஃபோல்டரையும் திறந்து, பெரிய கோப்புகளில் சிலவற்றைக் கடைசிப் பக்கம்வரை பார்த்து, பென் டிரைவில் இருந்த ஐந்தாம் அலகை மேலே வைத்துவிட்டு, 'சரியாக இருக்கிறது' என்று எழுத்தில் பதில் தர வேண்டும். அதுவரை கணினி மையம் பழைய பிரதியை நீக்காமல் வைத்திருக்கும்.

நிழல் பிரதி பேக்கப்புக்கு மாற்று ஆகாது. வழக்கமாக அது அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் பழுதானால் கோப்புகளும் நிழல் பிரதியும் சேர்ந்தே போகும். அப்போது வேறொரு சாதனத்தில் இரவில் எடுத்த பேக்கப்தான் துணை. இன்னொன்று, விண்டோஸ் சர்வரில் நிழல் பிரதி தானாக இயங்குவதில்லை, யாராவது போய் இயக்க வேண்டும். உங்கள் துறை ஃபோல்டர் இருக்கும் டிஸ்க்கில் அது இயங்குகிறதா, எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று இந்த வாரமே கணினி மையத்தில் கேட்டுவிடுங்கள்.