சொற்கூறு எங்கே முடிகின்றது? – தொகுப்பியின் சொற்பகுப்பும் முடிவுள்ள தன்னியக்கிகளும்

உயர்நிலை மொழியொன்றில் எழுதப்பட்ட செய்நிரலைக் கணனியின் பொறிமொழிக்கு மாற்றித் தருவது தொகுப்பியாகும். அதனிடம் வந்து சேர்வது சொற்களோ எண்களோ அல்ல. எழுத்து, இலக்கம், புள்ளி, வெற்றிடம் என்றவாறு ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரியுருக்களின் நீண்ட தொடர் மாத்திரமே. இத்தொடரை முதலில் பொருளுடைய சிறு துண்டுகளாகப் பிரித்தல் வேண்டும். அத்துண்டுகளை இங்கே சொற்கூறுகள் என்போம். அவற்றைப் பிரித்துத் தரும் பகுதி சொற்பகுப்பி எனப்படும். சொற்கூறுகள் எவ்வாறு வாக்கியங்களாக அமைகின்றன என்பதை ஆராயும் தொடரியற் பகுப்பி அதற்கு அடுத்த படியிலே தொழிற்படுகின்றது.

சொற்களுக்கிடையே இடைவெளியின்றி எழுதப்பட்ட ஏட்டுச் சுவடியைப் படிப்பவர் பொருளை நோக்கிச் சொற்பிரிப்புச் செய்கின்றார். சொற்பகுப்பிக்கு அவ்வசதி இல்லை. தன்முன் நிற்கும் வரியுருவையும் தான் இதுவரை வந்தடைந்த நிலையையும் அன்றி வேறொன்றையும் அது அறியாது. அவ்வாறாயின், ஒரு சொற்கூறு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை அது எவ்வாறு துணிகின்றது? இவ்வினாவையே இக்கட்டுரை ஆராய்கின்றது.

முடிவுள்ள தன்னியக்கி

முடிவுள்ள தன்னியக்கி என்பது எண்ணிக்கையில் வரையறைப்பட்ட சில நிலைகளையும், ஒரு நிலையிலிருந்து குறித்த வரியுருவைக் கண்டதும் எந்நிலைக்குச் செல்லவேண்டும் என்னும் விதிகளையும் கொண்ட ஒரு கற்பனைப் பொறியாகும். நிலைகளுள் ஒன்று தொடக்க நிலை. சில ஏற்பு நிலைகள். ஒரு வரியுருத் தொடர் முழுவதையும் வாசித்து முடிக்கையில் பொறி ஏற்பு நிலையொன்றில் நின்றால், அத்தொடர் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

உதாரணமாக, நிக்கிளவுஸ் விர்த் 1970 இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியை எடுத்துக்கொள்வோம். அம்மொழியில் அணியொன்றைப் பின்வருமாறு அறிவிக்கலாம்:

```
var a : array [1..10] of real;
```

இங்கே இரட்டைப் புள்ளி "1 முதல் 10 வரை" என்னும் வீச்சைக் குறிக்கின்றது. அதே மொழியில் `1.5` என்பது ஒரு மெய்யெண். ஒற்றைப் புள்ளி தனித்தும் வரும். செய்நிரலின் இறுதியில் அது முற்றுப்புள்ளியாக நிற்கின்றது. பெயர், முழுவெண், மெய்யெண், ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி ஆகிய ஐந்து வகைச் சொற்கூறுகளை இனங்காணும் தன்னியக்கியைக் கீழுள்ள அட்டவணை தருகின்றது. மெய்யெண்ணில் வரக்கூடிய அடுக்குக்குறியையும் ஏனைய குறிகளையும் எளிமை கருதி விடுத்துள்ளோம்.

```
நிலை | எழுத்து | இலக்கம் | புள்ளி | ஏற்பது
0    | 1 | 2 | 5 | -
1    | 1 | 1 | - | பெயர்
2    | - | 2 | 3 | முழுவெண்
3    | - | 4 | - | -
4    | - | 4 | - | மெய்யெண்
5    | - | - | 6 | ஒற்றைப் புள்ளி
6    | - | - | - | இரட்டைப் புள்ளி
```

தொடக்க நிலை 0 ஆகும். கோடிட்ட இடம் செல்லும் வழி இல்லை என்பதைக் காட்டும். `1.5` என்பதை வாசிக்கையில் பொறி 0 இலிருந்து 2 இற்கும், புள்ளியைக் கண்டு 3 இற்கும், 5 என்னும் இலக்கத்தைக் கண்டு 4 இற்கும் செல்லும். நிலை 4 ஏற்பு நிலையாதலால் இது மெய்யெண் என்பது தெளிவு. நிலை 3 ஏற்பு நிலையன்று என்பதை வாசகர் மனங்கொள்க. பாஸ்கலில் புள்ளியின் பின் ஓர் இலக்கமேனும் வந்தாலன்றி அது மெய்யெண் ஆகாது.

இத்தகைய அட்டவணையைக் கையால் எழுதவேண்டும் என்பதில்லை. சொற்கூறுகளின் அமைப்பை ஒழுங்கான கோவைகளாக எழுதினால் அவற்றிலிருந்து தன்னியக்கியைப் பொறிமுறையாகவே பெறலாம். இக்கோவைகளுக்கும் முடிவுள்ள தன்னியக்கிகளுக்கும் உள்ள சமவலுவைக் கிளீனி 1956 இல் வெளியிட்டார். ஒரே வரியுருவுக்குப் பல வழிகள் உள்ள தன்னியக்கியை ஒரே வழியுள்ளதாக மாற்றும் முறையை ராபினும் ஸ்கொட்டும் 1959 இல் காட்டினர். இவற்றின் அடிப்படையில் அமைந்ததே 1975 இல் பெல் ஆய்வுகூடத்தில் லெஸ்க், ஷ்மிட் ஆகியோர் ஆக்கிய `lex` என்னும் கருவி.

மிகநீண்ட பொருத்தம்

எனினும் மேற்கூறிய தன்னியக்கி நமது வினாவுக்கு விடை கூறவில்லை. ஒரு தொடர் முழுவதும் தரப்பட்டால் அது சொற்கூறா அன்றா என்பதை மட்டுமே அது கூறும். தொடரை எங்கே வெட்டுவது என்பதை அது கூறாது. `15` என்பதை 1, 5 என்னும் இரு முழுவெண்களாகப் பிரிப்பதைத் தன்னியக்கியில் எதுவும் தடுக்கவில்லை. ஆகவே அதற்கு வெளியிலிருந்து ஒரு விதியைச் சேர்க்கின்றோம்: இயன்றவரை நீண்ட சொற்கூறையே எடுத்தல் வேண்டும். இதுவே மிகநீண்ட பொருத்த விதி.

ஒரே நீளமுள்ள தொடர் இரு வகைகளுக்குப் பொருந்துமாயின் இரண்டாவது விதியொன்று தேவைப்படும். `array` என்பது பெயரின் அமைப்பையும் உடையது, மொழிக்கென ஒதுக்கப்பட்ட சொல்லும் ஆகும். இவ்விடத்தில் ஒதுக்கப்பட்ட சொல்லுக்கே முதன்மை. ஆனால் `arrays` என்று எழுதினால், நீண்ட பொருத்தம் முந்துவதால் அது வெறும் பெயராகவே கொள்ளப்படும்.

இனி `1..10]` என்னும் தொடரைப் படிப்படியாக நோக்குவோம். முதல் வரியுருவான 1 பொறியை நிலை 2 இற்குக் கொண்டு செல்கின்றது. இது ஏற்பு நிலை. ஆதலால் சொற்பகுப்பி "முதலாவது இடம்வரை முழுவெண்" என்று குறித்துக்கொள்கின்றது. ஆயினும் இன்னும் நீண்ட பொருத்தம் இருக்கக்கூடுமாதலால் நிற்காது மேலே செல்கின்றது. இரண்டாவது வரியுருவாகிய புள்ளி பொறியை நிலை 3 இற்கு இட்டுச்செல்கின்றது. அது ஏற்பு நிலையன்று. எனவே குறிப்பு மாறுவதில்லை. மூன்றாவது வரியுருவும் புள்ளி. நிலை 3 இலிருந்து புள்ளிக்கு வழியில்லை. பொறி முடங்கி நிற்கின்றது.

இங்கே சொற்பகுப்பி பிழையென்று கூவுவதில்லை. இறுதியாகக் குறித்துக்கொண்ட ஏற்பு நிலைக்குத் திரும்புகின்றது. முதலாவது வரியுருவை மாத்திரம் வெட்டி முழுவெண் 1 எனத் தொடரியற் பகுப்பிக்கு வழங்கிவிட்டு, இரண்டாவது வரியுருவிலிருந்து நிலை 0 இல் மீண்டும் தொடங்குகின்றது. இம்முறை புள்ளி நிலை 5 இற்கும், அடுத்த புள்ளி நிலை 6 இற்கும் செல்ல, அடுத்துவரும் 1 இற்கு வழியின்மையால் இரட்டைப் புள்ளி வெட்டப்படுகின்றது. பின்னர் 1, 0 என்பன நிலை 2 இலேயே நிற்க, `]` ஐக் கண்டதும் முழுவெண் 10 கிடைக்கின்றது. குறித்துக்கொள்ள ஏற்பு நிலையே எதிர்ப்படாமல் பொறி முடங்கினால் மாத்திரமே அது உண்மையான சொற்பிழையாகும்.

ஒரேயொரு வரியுருவை மாத்திரம் முன்னோக்கிப் பார்ப்பது போதாது என்பது இதனாற் புலனாகும். முதலாவது புள்ளியைப் பார்த்தபோதுகூட எண் முடிந்துவிட்டதா என்பது தெரியவில்லை, இரண்டாவதையும் பார்க்கவேண்டியிருந்தது. சொற்பகுப்பியைக் கையால் எழுதுவோர் பலர் தவறும் இடம் இதுவே. எண்ணின்பின் புள்ளி வந்ததும் மெய்யெண் எனத் துணிந்து, இலக்கத்தை எதிர்பார்த்து, இரண்டாவது புள்ளியைக் கண்டதும் பிழை அறிவிப்பர். இக்குறையைக் கண்டறிவது எளிது: `1 .. 10` என இடைவெளி விட்டு எழுதினால் செய்நிரல் ஏற்கப்படும், இடைவெளியை நீக்கினால் மறுக்கப்படும்.

பின்வாங்குதலின் விலை

பின்வாங்கும்போது அதே வரியுருக்கள் இருமுறை வாசிக்கப்படுகின்றன. பாஸ்கலில் இது ஓரிரு வரியுருக்களுக்கு மேற்படுவது அரிது. ஆனால் சொற்கூறுகளை நாமே வரையறுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். `abc` என்பது ஒரு சொற்கூறு. `abc` எத்தனை முறை வந்தாலும் இறுதியில் `d` வருமாயின் அத்தொடர் முழுவதும் மற்றொரு சொற்கூறு எனக் கொள்வோம். `abcabcabc` என நீளும், ஆனால் `d` வராத தொடரில், ஒவ்வொரு முறையும் பொறி இறுதிவரை ஓடி, `d` யைக் காணாது, மூன்று வரியுருக்களுக்குத் திரும்பிவரும். தொடரின் நீளம் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும். முன்னர் தோல்வியில் முடிந்த நிலைகளையும் இடங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு இதனைத் தவிர்க்கும் வழியை தோமஸ் றெப்ஸ் 1998 இல் காட்டினார்.

விதி கருத்தை மாற்றும் இடம்

மிகநீண்ட பொருத்தம் இயற்கையின் விதியன்று. வசதிக்காக நாம் ஏற்றுக்கொண்டது. எழுதியவரின் கருத்தோடு அது முரண்படும் இடங்களும் உண்டு. சீ மொழியில், `p` சுட்டும் இடத்திலுள்ள பெறுமானத்தால் `x` ஐ வகுக்க எண்ணிய ஒருவர் இவ்வாறு எழுதுகின்றார் என்க:

```
y = x/*p;   /* வகுத்தல் */
z = 1;
```

வகுத்தற்குறியும் உடுக்குறியும் இரு சொற்கூறுகள் என்பது எழுதியவரின் எண்ணம். சொற்பகுப்பியோ, இரண்டும் சேர்ந்த நீண்ட வடிவம் குறிப்புரையின் தொடக்கமாக இருப்பதால் அதனையே எடுக்கின்றது. அடுத்துவரும் `*/` வரை யாவும் குறிப்புரையாக விழுங்கப்படுகின்றன. எஞ்சுவது `y = x z = 1;` என்பதே. தொகுப்பி இரண்டாம் வரியிலே பிழை இருப்பதாகக் கூறக்கூடும். பிழை இருப்பதோ முதல் வரியில். குற்றமற்ற வரியொன்றைத் தொகுப்பி பழித்தால், அதற்கு முன்னுள்ள வரிகளில் இவ்வாறு ஒட்டிநிற்கும் குறிகளைத் தேடுவது பயன்தரும். `x / *p` என இடைவெளி விட்டு எழுதினால் இடர் நீங்கும்.

சீ பிளஸ் பிளஸ் மொழியில் இதே முரண் மொழியின் விதியையே மாற்றவைத்தது. `vector<vector<int>>` என எழுதினால் இறுதியிலுள்ள இரு குறிகளும் சேர்ந்து வலப்பெயர்ச்சிக் குறியாக வெட்டப்பட்டன; பல்லாண்டுகளாக இடையில் வெற்றிடம் இட்டே எழுதவேண்டியிருந்தது. இரண்டும் இரு மூடுகுறிகளே என்பதை அறிய, எத்தனை திறப்புக்குறிகள் இன்னும் மூடப்படாதுள்ளன என எண்ணவேண்டும். நிலைகள் வரையறைப்பட்ட பொறியால் எல்லையின்றி எண்ண இயலாது. எனவே 2011 ஆம் ஆண்டின் நியமம் அத்தீர்ப்பைத் தொடரியற் பகுப்பியிடம் ஒப்படைத்தது.

ஆகவே சொற்பகுப்பியின் வேலையில் தன்னியக்கியின் பங்கு பாதியே. எவை சொற்கூறுகள் என்பதை அட்டவணை கூறுகின்றது. அவை எங்கே முடிகின்றன என்பதை நாம் சேர்த்த விதி கூறுகின்றது. புதிதாக ஒரு மொழியை வகுப்பவர், தம் சொற்கூறுகளுள் ஒன்று மற்றொன்றின் தொடக்கமாக அமையும் இடங்களையெல்லாம் முதலிலேயே பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் நீண்டதை எடுப்பது தாம் கருதிய பொருளைத் தருகின்றதா எனச் சோதித்தல் வேண்டும்.